வாட்ஸ்அப் கால் வெட்டி வெட்டிக் கேட்டால் உடனே டேட்டா வாங்காதீர்கள்

டர்பனில் ஞாயிறு மாலை நாலு மணி என்றால் இந்தியாவில் இரவு ஏழரை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களோடு வீடியோவில் பேசத் தோதான நேரம் அது. அப்போது பார்த்து குரல் வெட்டும், திரையில் "Reconnecting" என்று வரும். உடனே பலரும் இன்னொரு டேட்டா பண்டில் வாங்குகிறார்கள். அது வீண் செலவு. குரலுக்குப் பெரிய வேகம் வேண்டாம். சின்னச் சின்ன துண்டுகளாகப் போகும் பேச்சு சீராகப் போய்ச் சேர்ந்தால் போதும். நேரம் கழித்து வரும் துண்டை ஆப் தூக்கிப் போட்டுவிடும். சொல்லின் நடுவே சத்தம் காணாமல் போவது அதனால்தான்.

யார் பக்கம் கோளாறு என்று பார்க்காமல் கத்திப் பேசுவது அடுத்த தவறு. அவர்கள் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, உங்கள் குரல் மட்டும் அங்கே உடைகிறது என்றால், வேறொருவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். அவரும் அதையே சொன்னால் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ரௌட்டர் முன்னறையில், அத்தை பேசுவது பின்பக்க சமையலறையில். நடுவில் இரண்டு செங்கல் சுவர். வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது, ஆனாலும் போன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே முந்தின நாள் கல்யாணத்தில் எடுத்த படங்களை கூகுள் போட்டோஸ் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. குரல் அந்தப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. பேக்கப்பை நிறுத்திவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேசிக்கொண்டே வாசல் கேட் வரை நடப்பதையும் தவிருங்கள். வைஃபை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறும் அந்த இடத்தில்தான் கால் அறுந்துபோகிறது. அறாவிட்டால், அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் பண்டில் கணக்கில்.

மொபைல் டேட்டாவில்தான் பேச வேண்டும் என்றால் வீடியோவை அணைப்பதுதான் பெரிய மிச்சம். போக வர நொடிக்குத் தலா 500 கிலோபிட் ஓடும் வீடியோ, நிமிடத்துக்கு ஏழரை எம்பி தின்னும். அரை மணி நேரத்தில் 225 எம்பி. வெறும் குரல் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். வாட்ஸ்அப்பில் Settings, Storage and data போய் Use less data for calls-ஐ இயக்கி வையுங்கள். படமும் குரலும் கொஞ்சம் மங்கும், செலவு குறையும். ஆனால் சிக்னலே இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தால் இந்த அமைப்பு ஓரளவுக்கு மேல் உதவாது.

எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதே பக்கத்தில் Network usage இருக்கிறது. அதன் அடியில் Reset statistics அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசுங்கள், அப்புறம் கால்களுக்கு நேரே இருக்கும் எண்ணைப் பாருங்கள். அமைப்பை மாற்றி இன்னொரு பத்து நிமிடம் பேசினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எம்பி கணக்கிலேயே தெரிந்துவிடும்.