பாரோக் கச்சேரிக்குக் குறிப்பு எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கச்சேரி அரங்கில் வழங்கப்படும் நிகழ்ச்சிக் குறிப்புகளைத் திருத்தித் தரும் வேலை என்னுடையது. புதிதாக எழுத வருபவர்கள் தேதிகளைச் சரிபார்த்துவிடுகிறார்கள். எழுத்துப் பிழையும் அரிதாகவே வருகிறது. அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பாக்கின் ‘இசைக் காணிக்கை’ தொகுப்பிலுள்ள ட்ரியோ சொனாட்டாவுக்கு எழுதப்படும் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மூவர் என்று எழுதுவது

ட்ரியோ சொனாட்டா என்ற பெயரைப் பார்த்ததும் மூன்று கலைஞர்கள் என்று எழுதிவிடுகிறார்கள். திரை விலகினால் மேடையில் பெரும்பாலும் நால்வர் இருப்பார்கள். மூன்று என்பது எழுதப்பட்ட இசை வரிகளின் எண்ணிக்கை: புல்லாங்குழலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, அடிக்குரலுக்கு ஒன்று. அந்த அடிக்குரல் வரியைச் செல்லோ வாசிக்க, ஹார்ப்சிகார்ட் கலைஞர் அதையே இடக்கையில் வாசித்துக்கொண்டு, வலக்கையால் அதன் மேல் ஒத்திசைவை அங்கேயே அமைத்துக்கொள்கிறார்.

அரசர் கதையிலேயே பக்கத்தை முடித்துவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 1747 மே மாதத்தில் பாக் போட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனார். பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக் அவருக்கு ஒரு மெட்டைக் கொடுத்து, அதை விரித்து வாசிக்கச் சொன்னார். நல்ல கதைதான். புல்லாங்குழல் வாசிக்கும் அரசர், முதுமையை எட்டிய மேதை, சுற்றிலும் அரண்மனைக் கலைஞர்கள் என்று எழுதத் தொடங்கியவருக்கு நிறுத்த மனம் வராது. அண்மையில் என்னிடம் வந்த ஒரு வரைவில் இந்தக் கதை ஒரு பக்கம் முழுவதையும் பிடித்திருந்தது. சொனாட்டாவுக்குக் கிடைத்ததோ ‘அந்த இரவில் பிறந்த அற்புதம்’ என்ற ஒரே வரி. அந்த வரியும் தவறு. அன்று அரசர் முன் பாக் விசைப்பலகையில் வாசித்தது மூன்று குரல் ஃபியூக். ட்ரியோ சொனாட்டாவை அவர் லைப்சிக்குக்குத் திரும்பிய பிறகுதான் எழுதினார். தொகுப்பு அதே ஆண்டில் அச்சாகி அரசருக்குக் காணிக்கையாகப் போனது.

இதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதை இன்னொரு கச்சேரியின் இடைவேளையில் பார்த்தேன். அங்கும் இதே வகைக் குறிப்புதான். அதைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்மணி, “அரசர் கொடுத்த மெட்டு எப்போது வந்தது? முதல் பகுதி முழுக்கக் காத்திருந்தேன், வரவே இல்லையே” என்று கேட்டார். முதல் பகுதியான லார்கோவில் அந்த மெட்டு முழுமையாக வருவதில்லை. அதன் சாயல்தான் ஆங்காங்கே தென்படும். கதையால் ஆவலைத் தூண்டிய குறிப்பு, மெட்டை எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லாததால், அவர் மெதுவான, அழகான ஒரு பகுதியைக் கேட்காமலேயே இழந்திருந்தார்.

ஆகவே கதையை மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டு, மெட்டை அடையாளம் காட்டுங்கள். அதற்குச் சுரப்படம் தேவையில்லை. முதல் நான்கு சுரங்கள் மேலே ஏறுகின்றன. ஐந்தாவது சுரம் சட்டென்று ஆழத்தில் விழுகிறது. ஒரு சிறு மௌனத்துக்குப் பின், மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாகப் படியிறங்குகிறது. இவ்வளவு போதும், யாரும் கண்டுகொள்வார்கள். பிறகு இடத்தைச் சொல்லுங்கள். வேகமான இரண்டாம் பகுதி தொடங்கிச் சற்று நேரம் சென்றதும் அந்த மெட்டு முதலில் அடிக்குரலில், நீண்ட சுரங்களாக வருகிறது. மேலே வயலினும் புல்லாங்குழலும் ஓடிக்கொண்டிருப்பதால் காது அவற்றின் பின்னால் போய்விடும். ‘செல்லோவைப் பாருங்கள்’ என்ற இரண்டு சொற்கள் இங்கே ஒரு பக்க வரலாற்றைவிட உதவும். மூன்றாம் பகுதியில் இரண்டிரண்டு சுரங்களாகப் பெருமூச்சு விடுவது போன்ற இசைத் தொடர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான்காம் பகுதியில் அரசரின் மெட்டு நடனத் தாளத்தில் வேடம் மாறித் தொடக்கத்திலேயே வந்து நிற்கிறது.

‘பாக் கேட்ட அதே ஒலி’ என்பது

எழுதாதீர்கள்.

சுருதி சேர்ப்பதைச் சொல்லாமல் விடுவது

பழைய முறைக் கருவிகளோடு வாசிக்கும் குழுவாயின், விலங்குக் குடலால் செய்த தந்திகள் அரங்கின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்பச் சுருதி விலகும் என்பதையும், பகுதிகளுக்கிடையே கலைஞர்கள் மீண்டும் சுருதி சேர்ப்பார்கள் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கேட்பவர்கள் ஏதோ கோளாறு என்று நெளிவார்கள், அல்லது உருப்படி முடிந்துவிட்டதென்று கைதட்டிவிடுவார்கள்.

பகுதிகளின் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் வைப்பது

லார்கோ, அலெக்ரோ, ஆன்டாண்டே, அலெக்ரோ: இந்த நான்கும் உருப்படியின் பெயருக்கு நேர் கீழே இருக்க வேண்டும், அரங்கின் மங்கிய வெளிச்சத்திலும் படிக்கக்கூடிய எழுத்தளவில்.