இரவுக் கேமரா வீடியோ வெளுத்துப் போனதைச் சரிசெய்த விதம்

வாசல் கேமராவின் அகச்சிவப்பு வீடியோ பால் ஊற்றினாற்போல் வெளுத்து, புள்ளி புள்ளியாக இருந்தது. பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பிய கேமரா விளக்கொளிதான் காரணம்.

முதலில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன். புள்ளிகளும் கூடவே எடுப்பாகிவிட்டன. பிறகு நாய்ஸைக் குறைத்தால், அந்தப் புள்ளிகளோடு முகமும் மெழுகாய் வழிந்தது. ஆட்டோ லெவல்ஸோ எதையுமே மாற்றவில்லை. இரண்டு நாள் இதிலேயே போயிற்று.

ஆட்டோ லெவல்ஸ் தோற்றதற்குக் காரணம் மூலையில் இருந்த தேதி, நேர எழுத்து. முழு வெள்ளை எழுத்து, சுற்றிலும் முழுக் கறுப்பு ஓரம். அதனால் கறுப்பு முதல் வெள்ளை வரை படத்தில் ஏற்கெனவே இருப்பதாக மென்பொருள் நினைத்துக்கொண்டது. அந்த மூலையை விட்டுவிட்டு, ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தபோது, காட்சி முழுவதும் 70க்கும் 160க்கும் இடையில் ஒடுங்கியிருந்தது.

வரிசையை மாற்றியதும் சரியானது: முதலில் நாய்ஸ், பிறகுதான் கான்ட்ராஸ்ட். ffmpeg என்ற வீடியோ மென்பொருளில் கொடுத்த கட்டளை இது:

```
ffmpeg -i in.mp4 -vf "hqdn3d=2:1:6:1,lutyuv=y='(val-70)*219/90+16':u=128:v=128" -crf 16 out.mp4
```

70, 160 என் வீடியோவுக்கான எண்கள். உங்கள் எண்கள் வேறாக இருந்தால் 70ஐயும், இடைவெளியான 90ஐயும் மாற்றுங்கள். u, v இரண்டும் 128 என்றால் நிறப்புள்ளிகள் போய்விடும். அகச்சிவப்புப் படத்தில் நிறத்துக்கு வேலையே இல்லை.

நாய்ஸைக் குறைக்கும் hqdn3d-இல் மூன்றாவது எண்ணான 6, அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலக்கும் அளவு. 15 வைத்தபோது நடந்துபோனவருக்குப் பின்னால் பேய்நிழல் இழுபட்டது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கை வீசும் இடத்தைப் பார்த்தால் தெரியும். ஒளிபட்டு முழு வெள்ளையாகிவிட்ட நம்பர் பிளேட்டை மட்டும் இது மீட்காது.