பெயரை மறைக்கச் சொன்னால் மட்டும் போதாது: துறை முறைகேட்டைப் புகார் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்யேந்திர துபே, ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், ஜார்க்கண்டின் கோடர்மாவில் வேலை பார்த்தார். ஒப்பந்தங்களில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைத்திருக்கும்படி அதில் கேட்டிருந்தார். ஆனால் கடிதம் பெயரோடு சேர்ந்தே கைமாறி, கடைசியில் அவருடைய ஆணையத்துக்கே வந்து சேர்ந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்றது சிபிஐ. 2010இல் மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த முடிவை ஏற்காதவர்கள் உண்டு. கடிதம் கசிந்தது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதன்பிறகு, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பொதுநலப் புகார்களை, கொடுத்தவரின் அடையாளத்தை மறைத்து, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் விசாரிக்கலாம் என்பதே அது. இன்றும் மத்திய அரசு ஊழியருக்கு இதுதான் முக்கியமான வழி. மாநில அரசு ஊழியர்கள் பற்றிய புகார்கள் இதில் வராது.

இந்த வழியில் முதல் தவறு மொட்டைக் கடிதம் போடுவது. பெயரில்லாத புகாரை ஆணையம் இந்தத் தீர்மானத்தின் கீழ் எடுத்துக்கொள்வதில்லை. பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும், உறையின் மேல் இருக்கக் கூடாது. உறையை ஒட்டி, பொதுநலப் புகார் என்பதைக் குறிக்கும் PIDPI என்ற எழுத்துகளை மேலே எழுதி, ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்டு உங்கள் முகவரிக்குக் கடிதம் வரும் என்பதால், அலுவலக முகவரியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த தவறுதான் மிக ஆபத்தானது. பெயரை ஒளித்துவிட்டு, புகாரின் வாசகத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்வது. ஒரு சாலைப் பணியை எடுத்துக்கொள்வோம். எம்-புக் என்று சொல்லும் அளவீட்டுப் புத்தகத்தில் ஜல்லி அடுக்கு 200 மில்லிமீட்டர் என்று எழுதி பில் போயிருக்கிறது. தரையில் இருப்பது 150. "12ஆம் தேதி நான் சுட்டிக்காட்டியபோது செயற்பொறியாளர் என்னைத் திட்டினார்" என்று எழுதினால், அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, எம்-புக்கில் எந்தப் பக்கம், எந்த பில் என்று எழுதி, "இந்த இடத்தில் தோண்டி அளந்தால் தெரியும்" என்று முடிக்கலாம். விசாரணை அதிகாரிக்கு வேண்டியது நீங்கள் பட்ட அவமானம் அல்ல, அவர் நேரில் போய்ச் சரிபார்க்கக்கூடிய தகவல். உங்களிடம் மட்டுமே இருக்கும் தாளின் நகலை இணைத்தாலும் இதே கதைதான். பதவி உயர்வு கிடைக்காத வருத்தத்தை இதில் கலந்தால் அடையாளமும் தெரியும், புகாரின் மதிப்பும் போகும்.

பயத்தில் பலர் அமைச்சருக்கும் பத்திரிகைக்கும் சேர்த்தே நகல் அனுப்புகிறார்கள். நான்கு இடத்துக்குப் போன புகாருக்கு ஆணையம் ரகசியப் பாதுகாப்பு தராது. பத்திரிகைக்கு அலுவலகக் கோப்பைக் கொடுத்தால், நடத்தை விதிகளின் கீழ் உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம்.

"மேலதிகாரிக்குத் துரோகம் செய்கிறோமோ" என்ற தயக்கம் நேர்மையானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. 1964ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 3ஆவது விதி கேட்பது நேர்மையும் கடமையில் ஈடுபாடும்தான். வாய்மொழி உத்தரவு வந்தால் அதை எழுத்தில் உறுதிப்படுத்தும்படி கேட்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அப்படிக் கேட்பதே சில சமயம் முறைகேட்டை நிறுத்திவிடும். மேலதிகாரி தெரியாமல் செய்திருந்தால் அவருக்குத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கோப்பில் ஒருமுறை மறுத்து எழுதிவிட்டால், பிறகு எந்தப் புகார் போனாலும் சந்தேகம் முதலில் உங்கள் மேல்தான் விழும். அதனால் மேலதிகாரி தவறிச் செய்கிறாரா, பங்கு வாங்கிச் செய்கிறாரா என்று கணித்த பிறகே எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். இரண்டாவது என்றால், கோப்பில் மோதாமல் ஆணையத்துக்கு எழுதுவதே மேல் என்பது என் கருத்து.

பழிவாங்கல் வந்த பிறகு ஆதாரம் தேடுவதும் தவறு. மாறுதல் உத்தரவில் "நிர்வாக நலன் கருதி" என்றுதான் இருக்கும், புகாரைப் பற்றி ஒரு சொல் இருக்காது. எனவே புகார் போடும் முன்பே கடந்த ஆண்டுகளின் பணி மதிப்பீட்டு அறிக்கைகளின் நகலை வீட்டில் எடுத்து வையுங்கள். நல்ல மதிப்பெண்கள் திடீரென்று சரிந்தால், ஆணையத்திடம் நிவாரணம் கேட்கும்போது அதைத்தான் காட்ட முடியும். நிவாரணம் கேட்கும் உரிமையும் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது. இதற்கென்று தனிச் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் அதை அரசு நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.