இரண்டு பட்டியல், ஒன்பது டி-ஷர்ட் மிச்சம்: ஒருவரை இரண்டு முறை எண்ணாமல் இருப்பது எப்படி?

போன வருடம் மகள் வகுப்பின் விளையாட்டு விழாவுக்கு டி-ஷர்ட் தைக்கக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கிரிக்கெட் பட்டியலில் 28 பேர், கால்பந்துப் பட்டியலில் 19 பேர். ஆளுக்கு ஒன்று என்று கூட்டி 47 சொல்லிவிட்டேன். வகுப்பில் மொத்தமே 45 பிள்ளைகள்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. கொடுத்து முடித்தபோது 9 டி-ஷர்ட் மிச்சம். இரண்டு ஆட்டமும் ஆடுகிற 9 பேர் இரண்டு பட்டியலிலும் இருந்திருக்கிறார்கள்.

1. பெயரை விடுங்கள், ரோல் நம்பரை எடுங்கள்

ஒரு பட்டியலில் 'எஸ். கார்த்திக்', இன்னொன்றில் 'கார்த்திக் எஸ்'. ஒரே பையன்தான், ஆனால் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு பேர். இதற்கு நேர்மாறாக, வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்து இனிஷியலை யாரும் எழுதாவிட்டால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். ரோல் நம்பரில் இந்தத் தொல்லை இல்லை.

2. இரண்டிலும் இருப்பவர்களை எண்ணுங்கள்

சின்னப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் பெரிய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து டிக் போடுங்கள். ஐம்பது அறுபது பேர் வரை எனக்குப் பென்சில்தான் வசதி. அதற்கு மேல் போனால் கூகுள் ஷீட்ஸ். A நெடுவரிசையில் கிரிக்கெட், B-யில் கால்பந்து என்று ரோல் நம்பர்களைப் போட்டு:

```
=SUMPRODUCT(COUNTIF(A2:A29,B2:B20))
```

எங்களுக்கு 9 வந்தது. ஒரே பட்டியலுக்குள் ஒரு நம்பர் இரண்டு தடவை இருந்தால் இந்தச் சூத்திரம் கூடுதலாகக் காட்டும். அதனால் முதலில் ஒவ்வொரு பட்டியலையும் தனித்தனியே சுத்தம் செய்துவிடுங்கள்.

3. கூட்டி, ஒரு முறை கழியுங்கள்

28 + 19 − 9 = 38. அந்த 9 பேரும் 28-க்குள்ளும் இருக்கிறார்கள், 19-க்குள்ளும் இருக்கிறார்கள். கூட்டும்போது இரண்டு முறை வந்துவிட்டதால் ஒரு முறையை எடுக்கிறோம், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் கண மொழி என்று படித்தோமே, n(A∪B) = n(A) + n(B) − n(A∩B), அது இதுதான்.

4. நான் மறுபடி சறுக்கிய இடம்

இந்த வருடம் உஷாராக, பட்டியலுக்குப் பதில் ஒரு படிவம் கொடுத்தேன்: 'கிரிக்கெட்', 'கால்பந்து', 'இரண்டும்', ஏதாவது ஒன்றில் மட்டும் டிக். வந்த விடை 19, 10, 9. பழைய பழக்கத்தில் 19 + 10 − 9 = 20 என்று போட்டுவிட்டேன். தப்பு! இங்கே 'கிரிக்கெட்' என்றால் கிரிக்கெட் *மட்டும்*. 'இரண்டும்' போட்டவர்கள் அந்த 19-லும் இல்லை, 10-லும் இல்லை. கழிக்க எதுவுமே இல்லை. 19 + 10 + 9 = 38 என்று வெறுமனே கூட்ட வேண்டும்.

இந்தத் தப்பை எண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விடை பெரிய பட்டியலைவிடக் குறையக் கூடாது, இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. என்னுடைய தப்பான 20 அந்தச் சரிபார்ப்பிலும் தேறிவிட்டது, ஏனென்றால் அது 19-க்கும் 29-க்கும் நடுவில்தானே இருக்கிறது. அதனால் கழிப்பதற்கு முன்னால் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பாருங்கள். 'கிரிக்கெட் ஆடுபவர்கள்' என்றால் இரண்டும் ஆடுபவர்கள் அதற்குள் அடக்கம். 'கிரிக்கெட் மட்டும்' என்றால் இல்லை.

சந்தேகமாக இருந்தால் வென்படம் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டம். நடுவிலிருந்து நிரப்பத் தொடங்க வேண்டும்: முதலில் 9, அப்புறம் இடப்பக்கம் 28 − 9 = 19, வலப்பக்கம் 19 − 9 = 10. பலரும் இடப்பக்கத்தில் நேரே 28 என்று எழுதிவிடுகிறார்கள். நடுவில் தொடங்கினால் அந்தத் தவறு வராது. வட்டங்களுக்கு வெளியே 45 − 38 = 7, எதுவும் ஆடாதவர்கள்.

பின்சேர்க்கை: "ஏதாவது ஒரு ஆட்டம் *மட்டும்* ஆடுபவர்கள் எத்தனை பேர்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்போது அந்த 9 பேர் கணக்கிலேயே வரக் கூடாது, எனவே இரண்டு முறை கழிக்க வேண்டும்: 28 + 19 − 18 = 29. படத்தில் பார்த்தால் ஓரத்திலுள்ள 19-ம் 10-ம்.

இன்னொருவர் கபடியையும் சேர்த்துக் கேட்டார். மூன்று பட்டியலையும் கூட்டி, இரண்டிரண்டாகப் பொதுவாக உள்ளவர்களை மூன்று ஜோடிக்கும் கழித்தால், மூன்றும் ஆடுகிறவர்கள் மூன்று முறை வந்து மூன்று முறையும் போய்விடுவார்கள். அவர்களை மட்டும் திரும்ப ஒரு முறை கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லா ஆட்டமும் ஆடுகிற பிள்ளைக்குத்தான் டி-ஷர்ட் கிடைக்காது.