படைவீரனின் கவிதைக் கடிதம்: முதல்முறை எழுதுவோருக்கு

ராயபுரத்தில் மாதம் ஒருமுறை ஒரு மாடி அறையில் கூடிக் கவிதை படிக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருக்கும் தலைப்பு, நெடுநாள் காவல் பணியில் இருக்கும் படைவீரன் வீட்டுக்கு எழுதும் கவிதைக் கடிதம். புதிதாக எழுத வருபவர்களுக்காக, ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு அதை எப்படிக் கட்டினேன் என்று சொல்கிறேன்.

முதலில், யார் யாருக்கு எழுதுகிறார் என்று முடிவு செய்யுங்கள். என் வீரன் காசிமேட்டுக்காரன். அம்மாவுக்கு எழுதுகிறான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தங்கைதான் படித்துச் சொல்ல வேண்டும். இதை முடிவு செய்ததுமே கடிதம் பாதி எழுதியதுபோல் ஆகிவிட்டது. ஏனென்றால் இது காதால் கேட்கப்படப்போகும் கடிதம், மேடைக்கும் அதுதான் தேவை.

அடுத்து, அவனால் எழுத முடியாததைப் பட்டியல் போடுங்கள். எனக்கு மிக முக்கியமான படி இதுதான். எல்லைக் காவலில் இருப்பவர் தான் இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. வீட்டிலிருந்து போகும் உறையிலும் ஊர் இருக்காது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பின்கோடு, அதோடு ராணுவ அஞ்சலகத்தைக் குறிக்கும் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். 56 என்றால் டெல்லி வழியாகவும் 99 என்றால் கொல்கத்தா வழியாகவும் தபால் பிரிந்து போகும். மலையின் பெயரைச் சொல்ல முடியாதவன் அந்த மலையை எப்படிக் காட்டுவான்? அங்கே நடக்கும் ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுதான்.

அதனால் அங்கிருந்து இரண்டே பொருள் எடுத்தேன். ஒன்று சோறு. பதினாறாயிரம் அடிக்கு மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது, குக்கர் வேண்டும். இன்னொன்று பேனா. கடுங்குளிரில் மை கெட்டியாகி இறங்காது, பென்சிலில்தான் எழுத வரும்.

ஊரிலிருந்து எடுத்தது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் பக்கத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அவன் ஜூன் முதல் வாரத்தில் எழுதுகிறான். கடிதம் வீடு சேரும்போது படகு கிளம்பியிருக்குமா என்பது அவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையே கேள்வியாக வரட்டும்.

இப்போது வடிவம். அகவல் நடையை மட்டும் கடன் வாங்கினேன். வரிக்கு நாலு சீர், கடைசிக்கு முந்தைய வரியில் மட்டும் மூன்று சீர். மற்ற யாப்பு விதிகளைத் தொடவில்லை. முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'பனிமலை உச்சியில் தாய்நாட்டைக் காக்கிறேன்.' அடித்துவிட்டேன். அம்மாவிடம் எந்த மகனும் இப்படிப் பேச மாட்டான். ஒரு வரி சந்தேகமாக இருந்தால், அதைத் தெருமுனைக் கூட்டத்தில் பேச முடியுமா என்று பாருங்கள். பேச முடிந்தால் அது கடித வரி இல்லை. இரண்டாம் வரைவு:

தங்கச்சி படிப்பாள், நீகேள் அம்மா.
இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
ஆனால் அரிசி வேக மறுக்கும்.
குக்கர் விசிலை எண்ணும் போதெல்லாம்
அடுப்படி வாசலில் நீநிற்கக் காண்பேன்.
தடைக்காலம் முடிந்து படகு போச்சா?
தம்பிக்கு வலையில் என்ன விழுந்தது?
வஞ்சிரம் கிடைத்தால் விற்றுவிடச் சொல்லு,
நெத்திலி மட்டும் காயவைத்து எடுத்துவை.
பேனா மைதான் தீர்ந்து போச்சு,
பென்சில் எழுத்து, கோபிக்க வேண்டாம்.
மீதியெல்லாம் நேரில்தான் சொல்வேன்
நெத்திலிக் குழம்பு கொதிக்கும் போது.

பத்தாவது வரியைப் பாருங்கள். மை தீரவில்லை, உறைந்துவிட்டது. அம்மா பயப்படக் கூடாதென்று பொய் சொல்கிறான். குளிர் என்ற சொல் கவிதையில் எங்கும் இல்லை, ஆனால் குளிர் இருக்கிறது. தொடக்கத்தில் வந்த கொதித்தல் முடிவில் வீட்டு அடுப்புக்கு வருவதும் எனக்குப் பிடித்திருக்கிறது, திட்டமிட்டு வந்ததில்லை.

இந்தப் பொய் கேட்பவர்களுக்குப் பிடிபட வேண்டுமே? எழுதி முடித்ததும் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். மை நிஜமாகவே தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதற்காகக் கவிதைக்குள் விளக்கம் சேர்க்காதீர்கள், அம்மாவிடமிருந்து மறைத்ததும் போய்விடும். படிக்கும் முன் அவைக்கு ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: 'பேனா மை உறையும் குளிரில் இருப்பவர் எழுதியது.'

அப்புறம் வாசிப்பு. வீரனாக விறைப்பாக நின்று படிக்காதீர்கள், தங்கையாகப் படியுங்கள். கையில் தாள் இருக்கட்டும், பென்சில் எழுத்து மங்கலாக இருப்பதால் அந்த வரியில் கொஞ்சம் தடுமாறலாம். கேள்விகள் வரும் இரண்டு வரிகளிலும் நிமிர்ந்து, அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைக்கும் இடத்தைப் பாருங்கள். மூன்று சீர் வரியில் தானாக ஒரு இடைவெளி விழும். அங்கே ஒரு மூச்சு விட்டுவிட்டு, கடைசி வரியைக் குரல் உயர்த்தாமல் சொல்லித் தாளை மடியுங்கள்.