சோதனைக் கலப்பில் 1:1:1:1 வரவில்லையா?

கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மரபியல் ஸ்லைடு போடும்போது எல்லோரும் சறுக்குகிற இடம் இது: இரண்டு ஜீன் என்றாலே 1:1:1:1 எழுதிவிடுகிறார்கள். முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். மார்கனின் பழ ஈக்களில் சாம்பல் உடல், இயல்பான இறக்கை 965. கறுப்பு உடல், குறுகிய இறக்கை 944. சாம்பல், குறுகியது 206. கறுப்பு, இயல்பு 185. மொத்தம் 2300, அதனால் ஒவ்வொன்றும் 575 பக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அப்போ ஜீன்கள் ஒரே குரோமோசோமில் பிணைந்திருக்கின்றன.

பெரிய இரண்டும் பெற்றோர் வகை, சிறிய இரண்டும் குறுக்கேற்றத்தால் வந்தவை. 206 + 185 = 391, அதை 2300-ஆல் வகுத்தால் 17%, அதாவது 17 மேப் யூனிட். எழுத்தைப் பார்த்து AB, ab தான் பெற்றோர் வகை என்று முடிவு கட்டாதீர்கள், தாய் Ab/aB ஆக இருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.