சிசிடிவி பதிவை அன்றே பென்டிரைவில் எடுங்கள்

குடியிருப்பில் திருட்டோ, வண்டி இடித்ததோ தெரிந்தால், அந்த நேரத்துப் பதிவை அன்றே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்து, அதன் மேல் புதியது ஏறும். 2 எம்பிபிஎஸ்ஸில் இடைவிடாமல் ஓடும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிபி வேண்டும். 8 கேமரா இருந்தால் 1 டிபி டிஸ்க் 6 நாள்கூடத் தாங்காது.

நாகர்கோவில் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகள் நிறைய. அங்கே திருட்டு தெரியவே மாதமாகலாம். அத்தகைய குடியிருப்பில் 30 நாளாவது தங்கும்படி பெரிய டிஸ்க் போடுங்கள். அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் அமைப்பு மாடிப்படிக்குச் சரி. கேட்டில் தென்னை ஓலை ஆடினாலே பதிவு ஓடும், டிஸ்க்கில் இடம் ஒன்றும் மிச்சமாகாது.

எடுக்கும்போது டிவிஆர் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். பாஸ்வேர்டு செயலாளரிடமும் இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும். கேட்பவருக்கு அவர் சம்பந்தப்பட்ட நேரத்தை மட்டும், செயலாளர் முன்னிலையில் காட்டி, நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம், அது அண்டைவீட்டாரின் அந்தரங்கம்.

பெரிய குற்றம் என்றால் நகலோடு நிற்காதீர்கள். பதிவைத் தேடி நேரம் கடத்தாமல் போலீசுக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை டிவிஆரில் யாரும் கைவைக்காமல் பாருங்கள்.